ஒரு பக்கம் நிற்கிறது, மறுபக்கம் பிய்த்துக்கொண்டு வருகிறது: கர்ட்டன் ராடு அனுபவங்கள்

திருநகர்க்காரி: எங்கள் ஹால் ஜன்னல் ஆறடி அகலம். ஓட்டைச் செங்கல் சுவர், மேலே சிமெண்ட் பூச்சு, பட்டி. கொஞ்ச நாளாகவே ராடு வலது பக்கம் இறங்கிக்கொண்டு வந்தது. ஆடிக் காற்றில் திரை படபடவென்று அடித்ததும் வலது பிராக்கெட் பூச்சையும் பெயர்த்துக்கொண்டு கீழே வந்துவிட்டது. மாட்டிக் கொடுத்தவர் வந்து அதே ஓட்டையில் வெள்ளை சிமெண்டை அடைத்து முடுக்கிவிட்டுப் போனார். மறுபடி ஆட்டம். இடது பக்கமோ கல் மாதிரி நிற்கிறது. ஒரே சுவரில் இது எப்படி?

பைபாஸ் ரோடு: ராடு மெலிசாக இருக்கும். எங்கள் வீட்டில் நடுவில் தொப்பை மாதிரி தொங்கியது. தடிமனான பைப் மாற்றி, நடுவில் ஒரு பிராக்கெட் வைத்ததும் நேராகிவிட்டது.

மேலூர் ஃபிட்டர்: அண்ணே, ராடு வளைவது வேறு, பிராக்கெட் கழன்று வருவது வேறு. அக்கா, இடது பக்கம் ஓட்டை போட்டபோது சாம்பல் நிறத் தூள் வந்திருக்கும், வலது பக்கம் சிவப்பாக வந்திருக்கும். இடது பிராக்கெட் ஜன்னலுக்கு மேலே ஓடும் லிண்டல் கான்கிரீட்டில் உட்கார்ந்திருக்கிறது. லிண்டல் ஜன்னலைத் தாண்டி இரண்டு பக்கமும் அரை அடிதான் போகும். வலது பிராக்கெட்டைக் கொஞ்சம் தள்ளி அடித்திருப்பார்கள்.

திருநகர்க்காரி: அளந்து பார்த்தேன் தம்பி. இடது பக்கம் நாலு அங்குலம், வலது பக்கம் பத்து அங்குலம் தள்ளி இருக்கிறது. தரையில் கிடந்த தூளும் சிவப்புத்தான்.

மேலூர் ஃபிட்டர்: அப்போ அதுதான். ஸ்க்ரூ பிடிக்க ஓட்டைக்குள் செருகுகிற வழக்கமான சின்ன பிளக் பூச்சுக்குள்ளேயே பாதி முடிந்துவிடும். மீதி உள்ளே வெற்றிடத்தில் விரியும், பிடிக்க ஒன்றும் இருக்காது. ஸ்க்ரூவை முடுக்க முடுக்கப் பூச்சுதான் வெடிக்கும். பாரத்தையும் பாருங்கள். பிராக்கெட் சுவரிலிருந்து எட்டு சென்டிமீட்டர் வெளியே நீட்டி நிற்கிறது, மேல் ஸ்க்ரூ பிளேட்டின் அடி விளிம்பிலிருந்து நாலு சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பக்கம் நாலு கிலோ தொங்கினாலே மேல் ஸ்க்ரூவை எட்டு கிலோ வெளியே இழுக்கும். காற்றும் குழந்தைகளும் இழுப்பது தனிக்கணக்கு.

பழைய ஓட்டையை விட்டு ரெண்டு அங்குலம் தள்ளிப் போடுங்கள். தட்டிப் பார்த்து, பூச்சு உப்பின சத்தம் வந்தால் அந்த இடமும் வேண்டாம். டிரில்லில் சுத்தியல் மோடை அணைத்துவிட்டு, புது பிட்டால் சும்மா சுற்ற மட்டும் விடுங்கள். செங்கலுக்குள் இருக்கும் தடுப்புகள் மெலிசு, அடி விழுந்தால் உள்ளே நொறுங்கிப் போகும். எண்பது மில்லிமீட்டர் நீள நைலான் பிளக் வாங்குங்கள். அது பூச்சைத் தாண்டி ரெண்டு மூணு தடுப்பையாவது பிடிக்கும். ஸ்க்ரூ பிளக்கை விடக் கொஞ்சம் நீளமாக இருக்க வேண்டும், பிராக்கெட் தகடும் கணக்கில் வருமே. கடைசி முடுக்கு கையால்தான். இறுகியதும் நிறுத்திவிட வேண்டும்.

ஒத்தக்கடை: இரும்பு ஆங்கர் போல்ட் போட்டால் ஜென்மத்துக்கும் வராது. எங்கள் மாடிப்படிக் கைப்பிடி அதில்தான் நிற்கிறது.

மேலூர் ஃபிட்டர்: கான்கிரீட்டில் நிற்கும் அண்ணே. ஓட்டைச் செங்கலில் அது விரிகிற வேகத்துக்குச் செங்கலே பிளந்துவிடும். நைலான் பிளக்கும் சுற்றிக்கொண்டே இருந்தால் சல்லடைக் குழாயைச் செருகி, உள்ளே கெமிக்கல் பசையைப் பீய்ச்சிச் செய்யலாம். டியூபில் எழுதியிருக்கிற நேரம் வரை ராடை மாட்டக் கூடாது.

ஆனையூர் ஆசிரியை: எங்களுக்கு தச்சர் வேறு விதமாகச் செய்தார். ஜன்னல் அகலத்துக்கு ஒரு தேக்குப் பட்டையை லிண்டலில் பல இடத்தில் ஸ்க்ரூ போட்டு அடித்து, இரண்டு முனையையும் வெளியே கொஞ்சம் நீட்டிவிட்டு, அதில் பிராக்கெட்டை மாட்டினார். சுவர் நிறத்தில் பெயிண்ட் அடித்தாயிற்று. கனமான இருட்டுத் திரை, இன்னும் அசையவில்லை. ஆனால் லிண்டலின் அடிப்பாகத்தில் கம்பி ஓடும், அதனால் நடு உயரத்தில்தான் ஓட்டை போட வேண்டும் என்றார்.

பைபாஸ் ரோடு: நடு பிராக்கெட் வைத்தால் பாரம் குறையாதா? நடுவில் லிண்டல்தானே இருக்கிறது?

மேலூர் ஃபிட்டர்: திரையை மூடியிருக்கும்போது பாதிக்கு மேல் பாரத்தை நடுதான் தாங்கும், அது சரி. திறந்து இரண்டு ஓரத்திலும் ஒதுக்கிவிட்டால் மொத்தமும் ஓர பிராக்கெட்டுக்குத்தான் போகும். பகல் முழுக்க அப்படித்தானே கிடக்கும்?

பைபாஸ் ரோடு: நாங்கள் வெயிலுக்குப் பகலில்தான் மூடுவோம் தம்பி. மதுரை வெயில் அப்படி.

திருநகர்க்காரி: நீள பிளக் வாங்கி வந்து தள்ளிப் போட்டோம். மேல் ஓட்டையில் பிட் இரண்டு தடவை திடுக்கென்று உள்ளே போனது, ஸ்க்ரூ நன்றாக இறுகியது. கீழ் ஸ்க்ரூ மட்டும் இன்னும் லேசாகச் சுற்றுகிறது. கீழே இருப்பதற்கு இழுப்பு குறைவு என்று விட்டுவிடலாமா, இல்லை அதற்கும் பசை போட வேண்டுமா?

ஆனையூர் ஆசிரியை: விடாதீர்கள் அக்கா. காற்று வந்தால் பிராக்கெட் பக்கவாட்டில் ஆடும்.

மேலூர் ஃபிட்டர்: இப்போதைக்கு மெல்லிசுத் திரையை மாட்டிப் பாருங்கள். கனத் திரை போடுவதாக இருந்தால் பசை போட்டுவிடுங்கள்.