ஒமிப்ரசோல் முடக்கியா, தடுப்பியா?

செல்வி, அண்ணாநகர்:
மாணவர் குறிப்பில் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல், ஃபமோடிடின் இரண்டையும் 'தடுப்பி' என்றே எழுதிவிட்டோம். எனக்கு அது உறுத்துகிறது. ஃபமோடிடின், ஹிஸ்டமின் உட்கார வேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்ளும், மருந்து குறைந்ததும் எழுந்துவிடும். ஒமிப்ரசோல் அப்படியில்லை. அமிலம் சுரக்கிற இடத்துக்கு வந்து, அந்த அமிலத்தாலேயே உருமாறி, அமிலத்தை வெளியேற்றும் புரோட்டான் பம்போடு ஒட்டிக்கொண்டு அதை வேலைக்கே ஆகாமல் செய்துவிடுகிறது. அதனால் அது 'புரோட்டான் எக்கி முடக்கி', மற்றது 'எச்2 ஏற்பி மறிப்பி' என்று வைக்கலாமா?

முருகேசன்:
முடக்கி நல்ல சொல். ஆனால் பம்ப் ஒரேயடியாக முடங்கிவிட்டால் ஒரு மாத்திரையே போதுமே அக்கா, தினமும் எதற்கு?

செல்வி:
முடங்கிய பம்ப் மீளாது, அதுவரை சரி. ஆனால் செல் புதுப் பம்புகளைச் செய்துகொண்டே இருக்கும், ஒரு வேளை மருந்து அப்போது இயங்குகிற பம்புகளை மட்டுமே பிடிக்கும், ஓய்வில் இருப்பவை தப்பிவிடும். முழுப் பலன் தெரிய 3 முதல் 5 நாள் ஆவது அதனால்தான்.

பாத்திமா, பெரம்பூர்:
அப்பாவுக்குச் சிறுகுடல் தொடக்கத்தில் அல்சர். ஒமிப்ரசோல் வகையைச் சேர்ந்த பான்டோபிரசோல் 40 மி.கி. மாத்திரையை ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுக்கும்போது போடுவார், பத்து நாளாகியும் எரிச்சல் போகவில்லை. காலை இட்லிக்கு அரைமணி முன்னால் போடச் சொன்னார் டாக்டர், ஒரு வாரத்தில் குறைந்தது. அப்புறம் பைலோரி கிருமிக்கு மூச்சுப் பரிசோதனை செய்ய இரண்டு வாரம் அதை நிறுத்தி ஃபமோடிடின் கொடுத்தார்கள், பரிசோதனைக்கு முந்தின நாள் அதையும் நிறுத்தினார்கள். வீட்டில் செட்டிரிசினும் இருந்தது, அதுவும் ஹிஸ்டமின் மருந்துதானே, அதையே போட்டிருக்கலாமோ?

செல்வி:
இல்லைம்மா. செட்டிரிசின் பிடிப்பது எச்1, வயிற்றில் அமிலத்தைத் தூண்டுவது எச்2. பெயரில் எண்ணை விட்டால் வருகிற குழப்பம் இதுதான். படுக்கும்போது போட்டு அப்பாவுக்குக் கேட்காததற்கும் காரணம் இருக்கிறது, மருந்து ரத்தத்தில் இருக்கிற கொஞ்ச நேரத்தில் பம்புகள் விழித்திருக்க வேண்டும், அவற்றை எழுப்புவது சாப்பாடு. வாந்தி மருந்துப் பட்டியலையும் இதே முறையில் திருத்தியிருக்கிறேன், பாருங்கள்:

| மருந்து | பெயர் | எதற்கு | கவனிக்க |
|---|---|---|---|
| ஆன்டன்செட்ரான் | 5-எச்டி3 மறிப்பி | கீமோ, அறுவைக்குப் பின் | மலச்சிக்கல், இசிஜியில் க்யூடி நீளல் |
| மெட்டோக்ளோபிரமைடு | டி2 மறிப்பி | இரைப்பை மெதுவாகக் காலியாகும்போது | கழுத்து, தாடை இழுத்துக்கொள்ளும் |
| டோம்பெரிடோன் | டி2 மறிப்பி | அதற்கே | மூளைக்குள் அதிகம் போகாது, க்யூடி நீளும் |
| புரோமெதசின் | எச்1 மறிப்பி | பயண வாந்தி | தூக்கம் |

முருகேசன்:
டேபிள் தெளிவு. 'எக்கி'தான் இடிக்கிறது, 'பம்ப்' என்றே விடலாம் என்பது என் கட்சி.

ரகு:
வோனோபிரசானை மறந்துவிட்டீர்கள். அதுவும் அதே பம்பைத்தான் பிடிக்கிறது, ஆனால் பொட்டாசியத்தின் இடத்தில் உட்கார்ந்து பிறகு விலகிவிடும். அது முடக்கியா, மறிப்பியா?

செல்வி:
நான் அதை யோசிக்கவே இல்லை ரகு. 'எக்கி மறிப்பி' என்று இப்போதைக்குக் குறித்து வைக்கிறேன், வேறு தோன்றினால் எழுதுங்கள்.