ஐசியூ ஷிப்ட் மாற்றம்: அரைமணி ஓவர்லாப் வேண்டுமா, கால்மணி போதுமா?

வைகைக்கரை:
மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை. ஐசியூவில் 10 பெட், ஷிப்டுக்கு 5 நர்ஸ், ஆளுக்கு 2 பேஷண்ட். காலை 7.30 முதல் 2 வரை, மதியம் 1.30 முதல் 8 வரை, இரவு 7.30 முதல் மறுநாள் காலை 8 வரை. ஆக, மாறும்போதெல்லாம் அரைமணி இரண்டு ஷிப்டும் சேர்ந்து நிற்கிறது. இதைக் கால்மணியாகக் குறைக்கச் சொல்கிறார்கள். நான்தான் இன்சார்ஜ். எவ்வளவு வைக்கலாம்?

ரோஸ்டர்காரன்:
கால்மணி போதும். நான் மருத்துவமனை நிர்வாகத்தில் டூட்டி போடுகிறவன். 5 பேர், அரைமணி, நாளுக்கு மூன்று தடவை என்றால் ஏழரை மணி நேரம். உங்கள் காலை ஷிப்ட் ஒன்றே ஆறரை மணி நேரம்தான். அதில் பாதி மிச்சமானாலே, ஷிப்டில் பாதிக்கு மேல் இன்னொரு நர்ஸைப் பெட் பக்கம் நிறுத்தலாம். எல்லாம் சார்ட்டில் இருக்கிறது, பேஷண்டுக்கு 5 நிமிஷம் பேசினால் முடிந்தது.

கப்பலூர்_மில்:
அரைமணி ரெஸ்ட் தருகிறார்களா? எங்கள் ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் மாறும்போது ஒரு நிமிஷம்கூடக் கிடையாது. வருகிற ஆள் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்து மெஷின் பக்கம் நிற்கணும், அதற்குச் சம்பளமும் இல்லை.

வைகைக்கரை:
ரெஸ்ட் இல்லை அண்ணா. போகிறவர் பேஷண்டை ஒப்படைக்கிற நேரம்.

பழைய_சிஸ்டர்:
ரோஸ்டர்காரன் சார், நிலையாக இருக்கிற பேஷண்டுக்கு உங்கள் 5 நிமிஷம் சரிதான். வென்டிலேட்டரும் பிரஷரை ஏற்றுகிற மருந்தும் ஓடுகிற பேஷண்டுக்குப் பெட் பக்கத்தில் நின்று குழாய், பம்ப், டியூப் எல்லாம் தொட்டுப் பார்த்து வாங்கினால் 10, 12 நிமிஷம் ஆகும். ஒருவரிடம் அப்படி இரண்டு பேர் இருந்தால் 24. கைரேகை வைத்து, செருப்பு மாற்றி, கை கழுவி வருவதற்கே 5 போய்விடும். சராசரியைப் பார்க்காதீர்கள், கஷ்டமான இரண்டு பெட் சேர்ந்த நர்ஸைப் பாருங்கள்.

சார்ட்டில் இருக்கிறது என்றீர்களே, நானே பார்த்ததைச் சொல்கிறேன். இரவு 7.30. பிரஷரை ஏற்றுகிற நார்அட்ரினலின் 50 மில்லி சிரிஞ்ச், மணிக்கு 6 மில்லி ஓடுகிறது. சார்ட்டில் வேகம் சரியாக எழுதியிருந்தது. சிரிஞ்சில் மிச்சம் 3 மில்லி, அதை எழுத சார்ட்டில் கட்டமே இல்லை. அவசரத்தில் இருவரும் பம்பைப் பார்க்காமல் ஒப்படைத்தார்கள். தீரப் போகிறது என்று பம்ப் கத்தியதும், பக்கத்துப் பெட்டில் இருந்த யாரோ சத்தத்தை அமுக்கிவிட்டார்கள். 8 மணிக்குச் சிரிஞ்ச் காலி. புதிதாகக் கலக்கி மாட்டுவதற்குள் 110 இருந்த பிரஷர் 60க்கு வந்துவிட்டது. நல்லவேளை, ஆள் தேறினார். அன்றிலிருந்து எங்கள் யூனிட்டில், ஒரு மணி நேரத்துக்குள் தீரும் சிரிஞ்சைப் போகிறவரே மாற்றிவிட்டுத்தான் போகணும்.

ரோஸ்டர்காரன்:
அந்த விதி இருந்தால் கால்மணியிலும் அந்தத் தப்பு நடந்திருக்காது சிஸ்டர். அலாரத்தை அமுக்கியதுகூட எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்ததால்தானே? அரைமணி கொடுத்தால் பேச்சும் அரைமணிக்கு நீளும், அதுவரை மானிட்டரை யார் பார்ப்பது?

பழைய_சிஸ்டர்:
மானிட்டர் விஷயம் நியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஐந்து பேரும் ஒரே நிமிஷத்தில் ஆரம்பிக்கக் கூடாது. இன்சார்ஜ் அந்த நேரம் வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் மானிட்டர் முன்னால் நிற்கணும். ஆனால் அப்படிப் பிரித்துச் செய்தால் நேரம் கூடுமே தவிரக் குறையாது.

திருமங்கலம்_நைட்டு:
நான் ஸ்டாஃப் நர்ஸ். முன்பு இருந்த இடத்தில் கால்மணியாக்கினார்கள். வேலை குறையவில்லை, 8 மணிக்குக் கிளம்ப வேண்டியவள் 8.20க்குக் கிளம்பினேன். அந்த 20 நிமிஷத்துக்குக் காசும் இல்லை, பஸ்ஸும் போய்விடும். அதோடு இன்னொன்று. என் இரண்டு பேஷண்டையும் இரண்டு வேறு நர்ஸுக்குப் பிரித்துப் போட்டால், ஒருத்தரிடம் சொல்லி முடித்துவிட்டு அடுத்தவர் எப்போது வருவார் என்று நின்றுகொண்டே இருக்கணும். அந்த ஜோடியைக் கலைக்காமல் அப்படியே ஒருத்தர் கையில் கொடுத்தாலே ஐந்து, பத்து நிமிஷம் மிச்சம் அக்கா.

பழைய_சிஸ்டர்:
தங்கச்சி சொன்னது முக்கியம். வைகைக்கரை, மூன்று மாற்றத்துக்கும் ஒரே அளவு எதற்கு? மதியம் ஆறு மணி நேரக் கதைதான், டாக்டர்களும் பக்கத்தில் இருக்கிறார்கள். அங்கே 20 நிமிஷமாக்கிப் பாருங்கள். காலையில் 12 மணி நேரக் கதையை அசதியோடு சொல்கிறார்கள், அங்கே தொடாதீர்கள். இரவு 8 மணி மருந்து ஓவர்லாப் முடிகிற இடத்திலேயே விழுகிறது. போகிறவர் போட்டுவிட்டுக் கையெழுத்து வைக்க மறந்தால் வருகிறவர் இன்னொரு தடவை போட்டுவிடுவார். அதை யார் போடுவது என்று முதலில் முடிவு பண்ணுங்கள்.

ரோஸ்டர்காரன்:
மதியம் 20 என்றால் எனக்குச் சம்மதம். இரவுக்கு அரைமணி தேவை என்று இன்னும் தோன்றவில்லை.

வைகைக்கரை:
திங்கள் முதல் ஒரு வாரம் ஒவ்வொரு பெட்டுக்கும் ஆரம்பித்த நேரம், முடித்த நேரம் எழுதச் சொல்கிறேன். 8 மணி மருந்து வருகிறவர் பொறுப்பு என்று இன்றே போர்டில் போட்டாச்சு. ஜோடியைக் கலைக்காமல் இருப்பதுதான் சிக்கல், மதியம் புது அட்மிஷன் வந்தால் அது தானாகக் கலைந்துவிடுகிறது. அதற்கு யாராவது வழி வைத்திருந்தால் சொல்லுங்கள்.