ஈடுசெய்தலா, ஈடுகொடுத்தலா? குருதிச்சோகைக் கைந்நூலுக்கு ஒரு சொல் வேண்டும்

கிளிநொச்சி, மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். குடும்பநல உத்தியோகத்தர்களுக்கான குருதிச்சோகைக் கைந்நூலின் மூன்றாம் அத்தியாயம் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும். நெடுநாள் சோகையில் இதயம் கூடுதலாக இறைப்பதையும், ஈமோகுளோபின் ஒட்சிசனை எளிதாக விட்டுவிடுவதையும் சேர்த்துச் சொல்ல ஒரே சொல் தேவை. பாடநூல் வழக்கப்படி 'ஈடுசெய்தல்' என்று எழுதியிருந்தேன். மாங்குளத்தில் நடந்த பயிற்சி வகுப்பில் அந்தப் பக்கத்தை வாசித்த ஒரு பிள்ளை எழுந்து, "உடல்தான் ஈடுசெய்துவிட்டதே மிஸ், பிறகு எதற்கு இரும்புக் குளிசை?" என்று கேட்டாள். வகுப்பில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். இங்கே 'இழப்பீடு', 'நட்டஈடு' என்ற சொற்கள் எப்படிக் காதில் விழும் என்று உங்களுக்குத் தெரியும். படிவம் நிரப்பி, காசு கிடைத்து, கணக்கு முடிந்தது என்ற பொருள்தான் வரும். வேறு சொல் தாருங்கள்.

இரண்டாவது கேள்வி: எந்த அமுக்கத்தில் ஈமோகுளோபின் எவ்வளவு ஒட்சிசனைப் பிடித்திருக்கும் என்று காட்டும் வளையியின் 'வலப்பெயர்ச்சி'. இதற்கும் ஏதாவது செய்ய முடியுமா?

வவுனியா, உயர்தர உயிரியல் ஆசிரியர்:

பாடநூலில் உள்ள சொல்லை மாற்றாதீர்கள். பரீட்சையில் ஒரு சொல், கைந்நூலில் இன்னொரு சொல் என்றால் பிள்ளைகள்தான் குழம்புவார்கள். 'ஈடுசெய்தல்', 'வலப்பெயர்ச்சி' இரண்டும் நிலைத்துவிட்டன. வலப்பெயர்ச்சி என்றால் ஈமோகுளோபினின் ஒட்சிசன் நாட்டம் குறைகிறது என்று பதினாறு வயதுப் பிள்ளையே சொல்லும். கைந்நூலில் இன்னொன்றையும் சேருங்கள்: ஒட்சிசன் பற்றாமற்போனால் உதடும் நகமும் நீலமாகும் என்பதை முதல் அறிகுறியாகப் போடவேண்டும்.

மாங்குளம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தங்கச்சி, அந்தப் பிள்ளை கேட்டது சரியான கேள்வி. சொல்லின் வேரைப் பார்ப்போம். கெடு கேடாகும், சுடு சூடாகும், இடு ஈடாகும். முதல் நீண்ட தொழிற்பெயர். ஒன்றின் இடத்தில் இன்னொன்றை இடுவதுதான் ஈடு. அதனால்தான் நகையை அடகுகடையில் வைப்பதையும் ஈடு என்கிறோம். வைணவ உரைக்கு ஈடு என்று பெயர் வந்த கதை வேறு; அதில் பலருக்குப் பல கருத்து உண்டு, இங்கே இழுக்கவில்லை. (இழுக்கச் சொன்னால் தனி மடல் போடுகிறேன்.) என் முன்மொழிவு 'நிறையீடு'. நிறை, நிறைவு, நிறைத்தல் மூன்றும் அதில் தொனிக்கும். வலப்பெயர்ச்சி என்பது வரைபடத்தைப் பார்த்து வைத்த பெயர். உடம்புக்குள் வலமும் இல்லை இடமும் இல்லை. பொருளைப் பார்த்துப் பெயர் வைப்பதுதான் தமிழ் மரபு. மானிப்பாயில் கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தபோது...

முல்லைத்தீவு, மருத்துவர்:

ஐயா, கிறீனைச் சற்றுப் பிறகு பார்ப்போம். 'நிறையீடு' மட்டும் வேண்டாம். இங்கே நடப்பது நிறைவதற்கு நேர்மாறானது. ஒரு நோயாளியை வைத்துச் சொல்கிறேன். யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நாற்பது கடந்த பெண். கச்சான் தோட்டமும் கொஞ்ச வயலும். இரண்டு ஆண்டுகளாக மாதவிடாயில் இரத்தப்போக்கு அதிகம். 100 மில்லிலீற்றர் குருதியில் ஈமோகுளோபின் 5 கிராம். நடந்துதான் வந்தார், உட்கார்ந்து ஒழுங்காகப் பேசினார். குளக்கட்டில் ஏறும்போது மூச்சு வாங்குகிறது, பின்னேரத்தில் கணுக்கால் வீங்குகிறது என்பதுதான் முறைப்பாடு. ஒரே நாளில் 15இலிருந்து 5க்கு இறங்கியவராக இருந்தால் நடந்து வந்திருக்கவே மாட்டார். எப்படி நடந்தார்?

ஈமோகுளோபின் 15 உள்ளவரின் 100 மில்லிலீற்றர் குருதி ஏறத்தாழ 20 மில்லிலீற்றர் ஒட்சிசனைச் சுமக்கிறது. ஓய்வில் இதயம் நிமிடத்துக்கு 5 லீற்றர் இறைத்தால் 1000 மில்லிலீற்றர் ஒட்சிசன் போய்ச் சேரும். உடலுக்கு வேண்டியது 250. காற்பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. இந்தப் பெண்ணின் 100 மில்லிலீற்றர் சுமப்பது 7க்கும் குறைவு. இதயம் அதே 5 லீற்றரை இறைத்தால் 335தான் போய்ச் சேரும். அதில் 250ஐ எடுக்க வேண்டுமானால் நான்கில் மூன்று பங்கைப் பிடுங்கவேண்டும். அவ்வளவு பிடுங்கினால் குருதியில் ஒட்சிசன் அமுக்கம் விழுந்துவிடும். அமுக்கம் விழுந்தால் மயிர்க்குழாயிலிருந்து கலத்துக்கு ஒட்சிசன் போக உந்துதல் இருக்காது.

அதனால் இரண்டு காரியம் நடக்கிறது. ஒன்று இதயத்தில். குருதி நீர்த்திருக்கிறது, இழையங்களின் சிறு நாடிகள் விரிந்திருக்கின்றன, தடை குறைகிறது. இதயத்துக்குத் திரும்பி வருவது கூடுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலாக வெளியேறுகிறது, துடிப்பும் விரைகிறது. 8 லீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 536 மில்லிலீற்றர் போய்ச் சேரும், அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக எடுத்தால் போதும். மற்றையது சிவப்பணுவுக்குள். 2,3-பிபிஜி என்ற பொசுபேற்றுச் சேர்மம் அங்கே கூடி, ஈமோகுளோபினின் பிடியைத் தளர்த்துகிறது. பாதி ஒட்சிசன் இறங்கும் அமுக்கம் வழமையில் 27 மில்லிமீற்றர் இரசத்துக்குக் கிட்ட. இவரைப் போன்றவர்களில் அது 30ஐத் தாண்டும். அதாவது அதே அளவை இறக்கிவிட்ட பிறகும் அமுக்கம் நான்கைந்து அலகு கூடுதலாக நிற்கும். நுரையீரலில் ஏற்றும்போது இதனால் இழப்பது மிக அற்பம், ஏனென்றால் அங்கே அமுக்கம் 100க்குக் கிட்ட.

இப்போது சொல்லுங்கள், எதை ஈடுசெய்தது? ஈமோகுளோபின் 5ஆகவே இருக்கிறது. ஐயா சொன்ன அடகுதான் பொருத்தம். ஓடவும் சுமக்கவும் வைத்திருந்த இதயச் சேமிப்பை ஈடு வைத்துத்தான் உட்கார்ந்திருக்கிறார். குளக்கட்டில் ஏறும்போது எடுக்க அங்கே ஒன்றும் இல்லை.

நீலத்தைப் பற்றி: ஆசிரியர் சொல்வது நுரையீரல் நோய்க்குப் பொருந்தும். நீலம் தெரிய 100 மில்லிலீற்றர் குருதியில் ஏறத்தாழ 5 கிராம் ஈமோகுளோபின் ஒட்சிசனற்று இருக்கவேண்டும். இவரிடம் மொத்தமே 5. நீலமாக இவருக்கு வழியே இல்லை. வெளிறித்தான் போவார். அதை முதல் அறிகுறியாகப் போட்டால் உத்தியோகத்தர்கள் நீலத்துக்காகக் காத்திருப்பார்கள்.

புதுக்குடியிருப்பு, ஓய்வுபெற்ற தபாலதிபர்:

எனக்கும் இந்தச் சோகை வந்தது. படுத்தால் தலையணைக்குள் இருந்து 'டுப், டுப்' என்று கேட்கும். அயலில் யாரோ நீர்ப்பம்பி போட்டிருக்கிறார்கள் என்று எழுந்து போயும் பார்த்தேன். காதுக்கு எண்ணெய் விட்டேன், சத்தம் நிற்கவில்லை. கடைசியில் குருதி சோதித்தால் ஈமோகுளோபின் 6 சொச்சம், குடற்புண்ணிலிருந்து கசிவு. மகன் விரலில் மாட்டும் கருவி வாங்கி வந்திருந்தான். அது எப்போதும் 98 காட்டியது. ஒட்சிசன் 98 என்றால் குறை எங்கே? அந்தக் கருவி பழுதா, சோதனை பிழையா என்று இன்றுவரை விளங்கவில்லை. சொல் எதுவானாலும் காதுச் சத்தத்தைக் கைந்நூலில் போடுங்கள்.

முல்லைத்தீவு, மருத்துவர்:

ஐயா, கருவியும் சரி, சோதனையும் சரி. உள்ள ஈமோகுளோபினில் எத்தனை வீதம் ஒட்சிசன் ஏற்றியிருக்கிறது என்பதையே அது காட்டும். எவ்வளவு ஈமோகுளோபின் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. காதில் கேட்டது உங்கள் குருதியேதான். கூடிய ஓட்டம் காதுக்கு அருகேயுள்ள குழாய்களில் இரைகிறது. குழாய்க்கருவியை நெஞ்சில் வைத்தால் அங்கும் ஒரு முணுமுணுப்புக் கேட்கும்; வால்வு பழுதில்லாமலே. சோகை தீர்ந்தால் அது போய்விடும், போகாவிட்டால் வால்வைப் பார்க்கவேண்டும்.

மாங்குளம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

டொக்டர் சொன்ன பிறகு 'நிறையீடு' நிற்காது. ஆனால் ஈடு என்ற வேரை விட வேண்டியதில்லை. 'ஈடுசெய்' வேறு, 'ஈடுகொடு' வேறு. "வெயிலுக்கு ஈடுகொடுத்து நின்றான்" என்றால் வெயில் குறையவில்லை, இவன் தாங்கினான். எனவே 'ஈடுகொடுப்பு'. இதயம் தாங்காமற்போகும் கட்டத்துக்கு நம் ஊர்ச்சொல்லே இருக்கிறது: 'ஈடாட்டம்'. கதிரைக்கால் ஈடாடுகிறது என்கிறோமே. வளையிக்கு டொக்டர் தன்னையறியாமல் சொல்லிவிட்டார்: 'பிடிதளர்வு'.

வவுனியா, உயர்தர உயிரியல் ஆசிரியர்:

நீலம் பற்றிய விளக்கத்தை ஏற்கிறேன். சொற்களை ஏற்கவில்லை. 'பிடிதளர்வு' என்றால் நோய் முற்றியது போல இருக்கிறது. உண்மையில் அது உடலுக்கு உதவி. கருக்குழந்தையின் வளையி இடப்பக்கம் இருக்கிறது, அதை என்ன சொல்வீர்கள், 'பிடியிறுக்கமா'? 'ஈடுகொடுப்பு' வினையாக நன்றாக இருக்கிறது, பெயராக நொண்டுகிறது.

மாங்குளம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பிடியிறுக்கம் என்றே சொல்வேன். தாயின் குருதியிலிருந்து பிடுங்கி எடுக்கவேண்டிய பிள்ளைக்குப் பிடி இறுக்கமாகத்தானே இருக்கவேண்டும்?

முல்லைத்தீவு, மருத்துவர்:

ஆசிரியரின் அச்சம் நியாயம், ஆனால் எனக்கு 'ஈடாட்டம்'தான் முக்கியம். அந்தப் பெண்ணின் கணுக்கால் வீக்கம் அதன் தொடக்கம். சிறுநீரகம் உப்பையும் நீரையும் மறித்துவைத்திருக்கிறது; குழாய்கள் ஏற்கெனவே நிரம்பியிருக்கின்றன. கழுத்து நாளம் எழும்பியிருந்தால், படுக்கும்போது மூச்சுத் திணறினால், அது ஈடாட்டம். வயதானவர்களில் நெஞ்சுநோவும் வரலாம்: இதயத்தசை ஓய்விலேயே தனக்கு வரும் ஒட்சிசனில் பெரும்பகுதியை எடுத்துவிடுகிறது, கூடுதலாக வேண்டுமென்றால் ஓட்டம் கூடவேண்டும், குழாய் ஒடுங்கியிருந்தால் அது கூடாது.

இதைத் தெரியாமல் வெளிறலை மட்டும் பார்த்துவிட்டு, விரைவாக இரண்டு மூன்று பை குருதி ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். சோகையைத் தாங்கியவர் மருத்துவத்தைத் தாங்கமாட்டார். அவருக்கு ஒரேயொரு பை, மெதுவாக, நீர்போக்கி மருந்தோடு ஏற்றினோம். மிச்சம் இரும்புக் குளிசை. சேமித்துவைத்த குருதியில் அந்த 2,3-பிபிஜி குறைந்திருக்கும், அதில் பெரும்பகுதி மீள்வதற்கே ஒரு நாளளவு எடுக்கும். ஆகவே ஏற்றிய உடனேயே முழுப்பயன் கிடைக்காது.

'ஈடுசெய்யப்பட்ட சோகை' என்று சீட்டில் எழுதினால் வாசிப்பவர் வீட்டுக்கு அனுப்புவார். 'ஈடுகொடுக்கும் சோகை' என்றால் எவ்வளவு நாளைக்கு என்று கேட்பார். என் வாக்கு அதற்குத்தான்.

புதுக்குடியிருப்பு, ஓய்வுபெற்ற தபாலதிபர்:

எனக்கும் அதுவே. ஆனால் 'சமாளிப்பு' என்று எழுதினால் எல்லாருக்கும் விளங்குமே?

மாங்குளம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

விளங்கும். கன்னடமோ தெலுங்கோ என்று ஒரு வழக்கு இருக்கிறது, அதை ஆராய...

கிளிநொச்சி, மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, அச்சகத்தில் இருந்து இரண்டு தடவை அழைத்துவிட்டார்கள். இப்படி அனுப்புகிறேன்: 'ஈடுகொடுப்பு', 'ஈடாட்டம்' இரண்டும் அத்தியாயத்தின் வாசகத்திலேயே வரும். வளையிக்கு 'வலப்பெயர்ச்சி' என்றே எழுதி, முதல் இடத்தில் மட்டும் "அதாவது ஈமோகுளோபின் பிடியைத் தளர்த்துகிறது" என்று சேர்க்கிறேன். காதுச் சத்தம், விரற்கருவி இரண்டையும் ஒரு பெட்டியில் போட்டாயிற்று. நீலம் நீக்கப்பட்டது.

வவுனியா, உயர்தர உயிரியல் ஆசிரியர்:

என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். என் வகுப்பில் 'ஈடுசெய்தல்' என்றே படிப்பிப்பேன். கைந்நூலின் சொற்பட்டியலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுவீர்களா, இல்லையா?

மாங்குளம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

'பிடிதளர்வு' என்பதை அடைப்புக்குறிக்குள்ளாவது போட்டிருக்கலாம், தங்கச்சி.