ஆயிரம் ரூபாய்க்கு மேல் சில்லறை வாங்க மாட்டோம் என்கிறது பேங்க்: சரியா?

குன்னூர் டீக்கடை: பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ, வர்க்கி வியாபாரம். வாரக் கடைசியில் சில்லறையும் பத்து, இருபது ரூபாய் நோட்டும் கட்டப் போனால், "நாணயம் ஒரு நாளைக்கு ஆயிரம்தான், அதுதான் சட்டம்" என்று கேஷியர் திருப்பி அனுப்பிவிடுகிறார். அப்படிச் சட்டம் இருக்கிறதா?

சட்டம் பேசுபவன்: இருக்கிறது. 2011 நாணயச் சட்டம், 6வது பிரிவு. ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நாணயம் ஆயிரம் ரூபாய் வரைதான் செல்லும், ஐம்பது பைசா பத்து ரூபாய் வரை. கேஷியர் மேல் தப்பில்லை.

பழைய கேஷியர்: பிரிவு சரி, அர்த்தம் வேறு. அதற்கு மேல் கொடுத்தால் வாங்கியே ஆகவேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, அவ்வளவுதான். விருப்பப்பட்டு வாங்குவதற்குத் தடையில்லை. வாடிக்கையாளர் பேங்கில் நாணயம் கட்ட உச்சவரம்பு கிடையாது என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. கவுன்டரில் சின்ன நோட்டையும் நாணயத்தையும் எந்தக் கிளையும் மறுக்கக் கூடாது என்பதும் அவர்கள் உத்தரவுதான்.

குன்னூர் டீக்கடை: அதைத்தான் கேட்டேன் சார். டீத்தூள் கொடுப்பவர் ஆயிரத்துக்கு மேல் சில்லறை வேண்டாம் என்கிறார். பேங்கும் வேண்டாம் என்றால் நான் எங்கே போய்க் கொட்டுவேன்?

கொடைக்கானல் கடை: எங்கள் ஏரிப் பக்கம் பத்து ரூபாய் நாணயத்தையே யாரும் வாங்குவதில்லை. செல்லாது என்கிறார்கள்!

பழைய கேஷியர்: தம்பி, அது வேறு விஷயம். பத்து ரூபாய் நாணயம் 14 வடிவங்களில் வந்திருக்கிறது, எல்லாமே செல்லும் என்று 2018 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. பேங்கில் கட்டுங்கள்.

டீக்கடைக்காரரே, உங்கள் மூட்டையில் என்ன இருக்கும்?

குன்னூர் டீக்கடை: போன முறை ஒரு ரூபாய் 1,800, இரண்டு ரூபாய் 1,200, ஐந்து ரூபாய் 900, பத்து ரூபாய் 200. நோட்டு பத்தில் 240, இருபதில் 60. மொத்தம் 14,300. நாணயம் மட்டும் இருபது கிலோ இருக்கும். எல்லாம் ஒரே சாக்கில்.

பழைய கேஷியர்: ஒரே சாக்கில் கொட்டினால் நான்கூட முகம் சுளித்திருப்பேன். நூறு நூறாகப் பிளாஸ்டிக் பையில் போடுங்கள். உங்கள் கணக்குக்கு 41 பை வரும். ரிசர்வ் வங்கியும் எடை போட்டோ, குறிப்பாக ஒன்றையும் இரண்டையும் நூறு வீதம் பையிலோ வாங்கச் சொல்கிறது. கேஷியர் ஒரு பையை எண்ணித் தராசில் வைத்து, மற்றதை அதோடு ஒப்பிட்டுவிடுவார்.

ஆனால் ஒரு சிக்கல். 2019 வரிசை ஒரு ரூபாய் சுமார் 3.1 கிராம், 2011 வரிசை 3.8, அதற்கு முந்தைய எஃகு நாணயம் 4.85. மூன்றும் ஒரே பையில் கலந்தால் தராசு உதவாது. அதைவிடக் கொடுமை, அந்தப் பழைய ஒரு ரூபாயும் 2011 இரண்டு ரூபாயும் ஒரே அளவு, ஒரே எடை. இரண்டு ரூபாய்ப் பையில் முப்பது பழைய ஒரு ரூபாய் நுழைந்தாலும் தராசு காட்டாது, முப்பது ரூபாய் கேஷியர் கையை விட்டுப் போகும். அதனால்தான் பையைக் கொட்டி எண்ணுகிறார்கள். முகப்பு பார்த்துப் பிரித்துக் கொண்டு போங்கள்.

நோட்டில் நூறு ஒரு கட்டு, காகிதப் பட்டை சுற்றுங்கள். ஸ்டேப்ளர் அடிக்காதீர்கள்.

சட்டம் பேசுபவன்: சரி, உத்தரவு இருக்கட்டும். ஒரே கேஷியர் உள்ள கிளையில் பென்ஷன் வாங்க வந்த பாட்டி, இவர் 41 பையும் எண்ணி முடிக்கும் வரை நிற்கணுமா? வாங்கிய நாணயத்தை வெளியே எடுக்கவும் ஆளில்லை, பெட்டியில்தான் கிடக்கும்.

பழைய கேஷியர்: அது நிஜம். மாத முதல் வாரம் வேண்டாம், மதியம் கூட்டம் குறைந்ததும் போங்கள். மேனேஜரிடம் முந்தின நாளே சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை இல்லை. ஆனால் "மதியம் வாங்க" என்பது வேறு, "ஆயிரம்தான்" என்பது வேறு. இரண்டாவதைச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். அதிலேயே பலர் இறங்கி வந்துவிடுவார்கள். இல்லையென்றால் பேங்குக்குப் புகார் எழுதுங்கள். 30 நாளில் பதிலில்லை அல்லது திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் புகார் தளமான cms.rbi.org.in-இல் எழுதுங்கள்.

கோத்தகிரி ஹார்டுவேர்: வாங்குவார்கள் அண்ணே, ஆனால் கட்டணம் பிடிப்பார்கள். என் நடப்புக் கணக்கில் சில்லறை எண்ணியதற்கென்று தனியாகக் கழித்தார்கள்.

பழைய கேஷியர்: அது பேங்குக்கு பேங்க் மாறும். அவர்கள் கட்டணப் பட்டியலில் அச்சில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாமல் பிடித்தால் திருப்பிக் கேட்கலாம்.

கோத்தகிரி ஹார்டுவேர்: பட்டியலில் இருந்தால் நியாயமாகிவிடுமா? நாட்டு நாணயத்தை வாங்கக் காசு!

சட்டம் பேசுபவன்: எண்ணுகிறவருக்கும் சம்பளம் இருக்கிறதே.

குன்னூர் டீக்கடை: சரி, வியாழன் மதியம் 41 பையோடு போகிறேன். கட்டணம் பிடித்தால் இங்கே எழுதுகிறேன்.