சேவை வரி: பாதிப் பணம் வந்தால் 8%, 6% எப்படிப் பிரிப்பது?

வணக்கம். பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு சின்னத் தங்கும் விடுதிக்குக் கணக்குப் பார்க்கிறேன். அறை வாடகைக்குச் சேவை வரி 8%, சாப்பாட்டுக்கு 6%. கணக்கு மென்பொருளிலிருந்து மாதாந்திர வரித் தொகுப்பை 8%, 6% எனத் தனித்தனியாக எடுத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கஸ்டம்ஸுக்கு அனுப்பும் எஸ்எஸ்டி-02 வரிப் பாரத்தோடு ஒப்பிடுகிறேன்.

தொகுப்பு இன்வாய்ஸ் தேதிப்படி வருகிறது, சேவை வரியோ பணம் கைக்கு வந்த பிறகுதான் கட்ட வேண்டும். அதனால் வராத பாக்கியைக் கழித்து, பழைய பாக்கியில் வசூலானதைக் கூட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். (பன்னிரண்டு மாதம் தாண்டிய பாக்கிக்குப் பணம் வராவிட்டாலும் வரி உண்டு, அதைத் தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன்.)

சிக்கல் கலப்பு இன்வாய்ஸில். ஒரு கம்பெனிக்கு அறை 4,000 ரிங்கிட், வரி 320. சாப்பாடு 1,000, வரி 60. மொத்தம் 5,380. ஆகஸ்டில் வந்தது பாதி, 2,690. விகிதப்படி பிரித்தால் வரி 160 + 30 = 190. மென்பொருளோ வந்த பணம் முழுவதையும் இன்வாய்ஸில் முதலில் உள்ள அறைக்கே வைத்து 199.26 காட்டுகிறது. பாரத்தில் நாங்கள் போட்டது 190. என் பார்வையில் அதுதான் நியாயம்.

நீங்கள் எப்படிப் பிரிக்கிறீர்கள்? ரசீது பதியும்போதே பிரிக்க வழி உண்டா, இல்லை எக்செலில்தான் செய்கிறீர்களா? கஸ்டம்ஸ் ஆடிட்டில் இதைக் கேட்டிருக்கிறார்களா?