புதுப்பிப்பு: அப்பாவுக்குத் தடிப்பு, வாய்ப்புண்

“யூரிக் அமிலத்துக்கு அப்பா அலோபியூரினால் தொடங்கிச் சில வாரமாகிறது. உடம்பெல்லாம் வலிக்கும் தடிப்பு, வாய்ப்புண், கண் எரிச்சல். காலைவரை பொறுக்கலாமா?”

என்று இங்கே கேட்டிருந்தேன். பொறுக்கவில்லை, ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழைத்தோம். ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்றார்கள், பெரும்பாலும் மருந்து ஒவ்வாமல் தோலும் வாய், கண் உள்தோலும் உரியும் ஆபத்தான நோயாம். தீக்காயப் பிரிவில் இருக்கிறார்.

“அரிக்கிறதா, வலிக்கிறதா?” என்று இங்கே கேட்ட தாதி அக்காவுக்கு நன்றி. வலிதான். முதுகில் விரல் பட்ட இடத்தில் தோல் வழுக்கி உரிந்தது.

மாத்திரையை நிறுத்தச் சொன்ன அண்ணன் சொன்னது சரி. ஆனால் அலர்ஜி மாத்திரை இதை அடக்காதாம். தோல் உரிந்தால் நீர் வற்றும், கிருமி புகும். கண்ணில் தழும்பு விழுந்தால் பார்வையே போகலாம், அதனால் கண் மருத்துவரும் தினம் வருகிறார்.

இறால் தின்று தடித்த கதை சொன்ன தம்பி, அது வேறப்பா!

இடையில் ஆன்டிபயாடிக்கும் சாப்பிட்டிருந்தார். அலோபியூரினால்மேல்தான் சந்தேகம், இன்னும் உறுதியாகவில்லை.