நான்காவது ஸ்லைடு வரை கிண்டல், ஐந்தாவதிலிருந்து வக்கீல் நோட்டீஸ்

பொங்கோல் தேன்மொழி: ஒரு காப்புறுதி நிறுவனத்தின் தமிழ் ஸ்லைடுகளைத் திருத்தும் வேலை வந்திருக்கிறது. சமூக மன்றத்தில் இளையர்களுக்கும் பெற்றோருக்கும் காட்டப்போகிறார்கள், விபத்துக் காப்புறுதி பற்றி. முதல் நான்கும் விளம்பரக் குழு எழுதியவை: "சைக்கிள்ல விழுந்துட்டியா? எழுந்திரு, பில்லை எங்க தலையில கட்டு!" ஐந்தாவதில் "காப்புறுதிதாரர் விதிமுறைகளுக்கு உட்பட்டு இழப்பீடு கோரத் தகுதியுடையவராவார்." இப்படி வந்ததை நீங்கள் எப்படி ஒட்டவைத்தீர்கள்?

ஈசூன் ரவி: ஸ்லைடு மாஸ்டரில் எழுத்துரு, நிறம் எல்லாம் ஒன்றாக்கினால் போதும். எங்கள் ஆபீஸில் அப்படித்தான்.

சேகர், பழைய காப்புறுதிக்காரன்: ரவி, அது கண்ணுக்குச் சரி, காதுக்கு உதவாது. நான் பவர்பாயிண்டில் அவுட்லைன் வியூவைத் திறந்து தலைப்புகளை மட்டும் வரிசையாக வாய்விட்டுப் படிப்பேன், ஆள் மாறும் இடம் அங்கேயே பிடிபடும். உங்கள் டெக்கில் முன்னால் "நீ", பின்னால் "காப்புறுதிதாரர்", பணம் கட்டுவது யார் என்றே தெரியவில்லை. முதலிலிருந்து கடைசி வரை "நீங்கள்", "நாங்கள்" என்றே வையுங்கள். கிண்டல் ஸ்லைடு: "சைக்கிளிலிருந்து விழுந்தீர்களா? நீங்கள் எழுந்திருங்கள், பில்லை நாங்கள் தூக்குகிறோம்." கறாரான ஸ்லைடு: "சிகிச்சைச் செலவை நாங்கள் கட்டுகிறோம், ஒரு விபத்துக்கு 3,000 வெள்ளி வரை. பந்தயத்தில் விழுந்தால் கட்டமாட்டோம்." தொகை சும்மா உதாரணம்தான். இரண்டையும் ஒரே ஆள் சொல்கிற மாதிரி இருக்கிறதா? பெற்றோர் நம்புவது அந்தத் தொகையையும் வரம்பையும் பார்த்துத்தான், "தகுதியுடையவராவார்" என்பதைப் பார்த்தல்ல.

இன்னொன்று, "பில்லை நாங்கள் தூக்குகிறோம்" என்றால் கேட்பவர் முழு பில் என்றுதான் நினைப்பார். வரம்பு ஒன்பதாவது ஸ்லைடில் வந்தால் அந்த ஜோக்கே பொய்யாகிவிடும், அதனால் அதே ஸ்லைடில் கீழே "வரம்பு உண்டு" என்று படிக்கிற அளவில் போடுங்கள். விலக்குகள் வரும் ஸ்லைடில் சிரிப்பே வேண்டாம். நாணய வாரியம் இந்த விளம்பரத்தைப் பரிசீலிக்கவில்லை என்று சட்டக் குழு ஒரு வரி கொடுத்திருந்தால் அதில் கைவைக்காதீர்கள், அது நிறுவனம் பேசும் வரியே இல்லை, தனியாக அடியில் இருக்கட்டும்.

ஜூரோங் டியூஷன் அக்கா: என் துணைப்பாட நிலையத்திலும் இதே தலைவலி! பிள்ளைகளிடம் "நீங்கள்" என்றால் சிரிக்கிறார்கள், "நீ" என்றால் பக்கத்தில் இருக்கும் அம்மாக்களுக்கு முகம் சுருங்குகிறது. கட்டண ஸ்லைடுக்கு மட்டும் "நீங்கள்" போடலாமா?

சேகர்: வேண்டாம்மா, பணம் கேட்கும்போது மட்டும் மரியாதை கூடினால் உடனே தெரிந்துவிடும். ஸ்லைடில் "நீங்கள்" இருக்கட்டும், "நீ" உங்கள் வாயில் வரட்டும்.

பொங்கோல் தேன்மொழி: சேகர் அண்ணா, மாற்றி அனுப்பினேன். விளம்பரக் குழு சரி என்றது. சட்டக் குழுதான் "கட்டமாட்டோம்" ரொம்ப முரட்டுத்தனம், "பொருந்தாது" போடு என்கிறது. எது பொருந்தாது, யாருக்கு என்று கேட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.